டெல்லிக் கண்காட்சியில் 9 சதுர மீட்டர் ஸ்டால்: இந்தக் கணக்கு தேறுமா?

தாராவி 90 அடி – மார்ச் 9

ஜூலைக் கடைசியில் டெல்லி பிரகதி மைதானத்தில் உள்ள பாரத் மண்டபத்தில் நிறுவனப் பரிசுப்பொருள் கண்காட்சி நடக்கிறது. மூன்று நாள். தாராவியில் அப்பா காலத்துத் தோல் பட்டறை எங்களுடையது. பர்ஸ், சாவிக்கொத்து, பாஸ்போர்ட் உறை செய்கிறோம். இதுவரை மும்பை வியாபாரிகளுக்கே கொடுத்துவந்தோம். இனி நிறுவனங்களிடம் நேராகப் போகலாம் என்று நினைக்கிறேன். நான் போட்ட கணக்கு:

இட வாடகை 9 சதுர மீட்டர், மீட்டருக்கு 11,500 வீதம்: 1,03,500
அலங்காரம்: 20,000
மாதிரிகள்: 15,000
இருவர் போய்வர: 30,000
மொத்தச் செலவு: 1,68,500
எதிர்பார்க்கும் ஆர்டர்: 10,00,000

செலவு போக எட்டு லட்சத்துக்கு மேல் நிற்கிறது. ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள். இம்மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டவேண்டும்.

செம்பூர் செல்வி – மார்ச் 9

நான் ஊறுகாய், பருப்புப்பொடி ஸ்டால் போடுகிறேன் தம்பி. என் அனுபவத்தில் மாதிரிக்கு 15,000 அதிகம். ருசி பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் நாலு ஸ்டாலில் நக்கிப் பார்த்தே மதியச் சாப்பாட்டை முடித்துக்கொள்வார்கள். கடைசி நாள் மாலை மீதியை விலை குறைத்து விற்றுவிடுங்கள், வாடகையில் பாதி அதிலேயே வந்துவிடும். டெல்லி மேளாவில் கூட்டத்துக்குக் குறைவே இல்லை என்கிறார்கள். நவம்பர் 14 அன்று தொடங்குமே, அதுதானே?

தாராவி 90 அடி – மார்ச் 9

இல்லை அக்கா, அது இந்தியா இன்டர்நேஷனல் டிரேட் ஃபேர். நான் சொல்வது வியாபாரிகளும் நிறுவனங்களின் கொள்முதல் ஆட்களும் வருவது. பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது, சில்லறை விற்பனையும் இல்லை.

மாட்டுங்கா கணக்கு – மார்ச் 10

பத்து லட்சத்திலிருந்து செலவைக் கழித்து எட்டு லட்சம் என்கிறீர்களே, தோலை யார் இலவசமாகக் கொடுக்கிறார்கள்? ஆர்டர் தொகை வேறு, அதில் உங்கள் கையில் நிற்பது வேறு. ஒரு பர்ஸ்–சாவிக்கொத்து செட் என்ன விலைக்குக் கொடுப்பீர்கள், அதை முடித்து அனுப்ப என்ன செலவாகும் என்று எழுதுங்கள். பட்டறை வாடகையையும் மின்கட்டணத்தையும் இதில் சேர்க்காதீர்கள். அவை கண்காட்சிக்குப் போனாலும் போகாவிட்டாலும் இருக்கிற செலவு.

தாராவி 90 அடி – மார்ச் 10

விலை 480, வரி தனி. தோல் 175, உள்துணி, ஜிப், நூல் எல்லாம் சேர்த்து 45, துண்டுக்கூலி 100, பெட்டி 40, சின்னம் அழுத்திக் கட்டி அனுப்ப 20. ஆக 380. செட்டுக்கு 100 ரூபாய் நிற்கும்.

மாட்டுங்கா கணக்கு – மார்ச் 11

இப்போது வழிக்கு வந்தோம். பத்து லட்ச ரூபாய் ஆர்டர் என்றால் சுமார் 2,080 செட். அதில் நிற்பது 2,08,000. உங்கள் செலவு 1,68,500 என்றே வைத்துக்கொண்டாலும் மிச்சம் ஏறத்தாழ 40,000-தான்.

அந்த 1,68,500-ம் நிலைக்காது. ஷெல் ஸ்டால் என்று கொடுப்பது மூன்று பக்கம் வெள்ளைத் தட்டி, மேலே பெயர்ப்பலகை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மூன்று விளக்கு, ஒரு பிளக். நீங்கள் விற்பது அடர் பழுப்புத் தோல். அந்த வெளிச்சத்தில் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும், தையலைப் பார்க்கவே முடியாது. கூடுதல் விளக்கும் மின்சாரமும் வாங்கவேண்டும். ஸ்டால்காரர்களுக்குத் தரும் கையேட்டில் அதற்கான கட்டணப் பட்டியல் இருக்கும். அதில் போட்ட கெடு தேதிக்குள் கேட்டால் ஒரு விலை, அங்கே போய்க் கேட்டால் வேறு விலை. பின்சுவருக்கு அச்சடித்த தட்டி, மடக்கு அலமாரி என்று சேர்த்தால் அலங்காரம் 29,000-க்குக் குறையாது.

மாதிரி இரண்டு வகை. ஸ்டாலில் வைக்க 40 உருப்படி கொண்டுபோகிறீர்கள், அது 16,000. கண்காட்சி முடிந்தபின் வருவது அடுத்த வகை. "எங்கள் சின்னத்தோடு ஒன்று அனுப்புங்கள்" என்பார்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் சின்னத்துக்கும் தனியாகப் பித்தளை அச்சு வெட்டவேண்டும். செட் 380, அச்சு 500, பெட்டியும் கூரியரும் 220 என்றால் ஒரு மாதிரிக்கு 1,100. இருபத்தைந்து பேர் கேட்டால் 27,500. உங்கள் பட்டியலில் இந்த வரியே இல்லை.

பயணத்துக்கு 35,000, சரக்கு போக வர 9,000, அட்டை, விலைப்பட்டியல் அச்சடிக்க 7,000, நீங்களும் மேஸ்திரியும் இல்லாத நாட்களில் பட்டறையில் குறையும் உற்பத்திக்கு 8,000 வையுங்கள். எல்லாம் சேர்ந்து 2,35,000-ஐ ஒட்டி வரும். அதன்மேல் பத்து சதவீதம் எதிர்பாராததற்கு. 2,58,500 என்று எழுதிக்கொள்ளுங்கள். அதை மீட்க 2,585 செட் விற்கவேண்டும். பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் ஆர்டர் வந்தால்தான் போட்ட பணம் திரும்பும்.

அந்தேரி வேலு – மார்ச் 11

ஏன் சார் ஆளைப் பயமுறுத்துகிறீர்கள்? உத்யம் என்ற சிறுதொழில் பதிவு இருந்தால் ஸ்டால் வாடகையை அரசாங்கமே கொடுத்துவிடும். எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் திட்டம் இருக்கிறது. என் நண்பர் வாங்கியிருக்கிறார். அந்த 1,03,500-ஐ அடித்துவிட்டுக் கணக்குப் பாருங்கள்.

மாட்டுங்கா கணக்கு – மார்ச் 11

திட்டம் உண்டு, கொள்முதல் மற்றும் சந்தைப்படுத்தல் ஆதரவுத் திட்டம் என்று பெயர். ஆனால் எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் கொடுப்பார்கள் என்பதில்லை. அவர்கள் ஏற்றுக்கொண்ட பட்டியலில் அந்தக் கண்காட்சி இருக்கவேண்டும். முன்கூட்டியே விண்ணப்பிக்கவேண்டும். பணத்தை நீங்கள் கட்டிவிட்டு, முடிந்தபின் ரசீதுகளோடு கேட்டு வாங்கவேண்டும். அதற்கும் வரம்பு உண்டு. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் தொழிலுக்குப் பங்கு அதிகம். விண்ணப்பிக்கட்டும், தவறில்லை. ஆனால் மார்ச் மாதம் முன்பணம் கட்ட அந்தப் பணம் வராது. வந்தால் வரவில் எழுதலாம், இப்போது செலவிலிருந்து அடிக்கக்கூடாது.

அந்தேரி வேலு – மார்ச் 11

சரி, அதை விடுங்கள். மூன்று நாளில் ஆயிரக்கணக்கானோர் வருவார்கள். நூற்றுக்கு ஒருவர் வாங்கினால்கூடப் பத்து லட்சம் பெரிய விஷயமா?

மாட்டுங்கா கணக்கு – மார்ச் 12

வேலு, அந்த ஆயிரம் பேர் அரங்கத்துக்குள் வருகிறவர்கள். இவருடைய மேசைக்கு முன்னால் நின்று பேசுகிறவர்களை மட்டும் எண்ணுங்கள். பத்து மணியிலிருந்து ஆறு மணி வரை என்றாலும் உருப்படியான நேரம் ஐந்து மணிதான் கிடைக்கும். ஒருவரிடம் விலை, அளவு, சின்னம், எப்போது வேண்டும் என்று பேசி முடிக்கப் பத்து நிமிடம் ஆகும். இரண்டு பேர் போனாலும் விலை சொல்லும் அதிகாரம் ஒருவருக்குத்தான். நாளுக்கு முப்பது பேர். கடைசி நாள் மதியத்துக்குப் பிறகு பக்கத்து ஸ்டால்காரர்கள் அட்டைப்பெட்டி கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். ஆக மூன்று நாளுக்கும் சேர்த்து 75 பேர்.

அந்த 75 பேரில் இருபத்தைந்து பேர் மாதிரி கேட்டால் நல்ல கண்காட்சி. அதில் ஆறு பேர் ஆர்டர் கொடுத்தால் மிக நல்ல கண்காட்சி. நான் வேலை பார்த்த ஹார்டுவேர் கம்பெனியின் பதிவேட்டில் கண்டது இதுதான். தோலுக்கு மாறலாம், ஆனால் மூன்று மடங்காக மாறாது. புது ஆளிடம் முதல் ஆர்டரை யாரும் ஆயிரம் செட் என்று கொடுப்பதில்லை. சராசரி 200 என்று வைத்தால் 1,200 செட். நிற்பது 1,20,000. செலவில் பாதிகூட இல்லை.

போகாதே என்று நான் சொல்லவில்லை. எதிர்பார்க்கும் ஆர்டர் என்ற வரியில் ஆசையை எழுதாமல், எத்தனை பேரிடம் பேசமுடியும் என்பதிலிருந்து கீழே இறங்கி வாருங்கள். முதல் தீபாவளியில் பாதி, மறு தீபாவளியில் அதே ஆட்கள் திரும்பி வந்தால் மீதி. இரண்டு ஆண்டுக் கணக்காகப் போட்டால்தான் இது தேறும்.

தாராவி 90 அடி – மார்ச் 14

இரண்டு நாள் கோபமாக இருந்தேன், அதனால் எழுதவில்லை. இன்றும் 75 என்பது குறைவு என்றுதான் நினைக்கிறேன். நான் வேகமாகப் பேசுவேன்.

ஒரு சந்தேகம். இரண்டு பக்கம் திறந்த மூலை ஸ்டாலுக்கு வாடகையில் பத்து சதவீதம் கூடக் கேட்கிறார்கள், 10,350. எடுக்கலாமா?

மயூர் விகார் – மார்ச் 14

டெல்லிக்காரன் சொல்கிறேன். மூலை எடுத்தால் ஒரு சுவர் போய்விடும். உங்களுக்குச் சுவர்தானே அலமாரி? பொருள் சிறியது, ஆட்கள் கிட்ட வந்து தொட்டுப் பார்க்கவேண்டியது. அந்தப் பத்தாயிரத்தை விளக்குக்குப் போடுங்கள். அரங்க வரைபடத்தில் கழிப்பறை வழி, சாப்பாட்டுக்கூட வழி எங்கே என்று பார்த்து, அந்த வழியில் இடம் கேளுங்கள். அதற்குக் கூடுதல் கட்டணம் கிடையாது.

தங்க பஹாட்கஞ்ச் வேண்டாம். மயூர் விகாரில் விருந்தினர் விடுதிகள் இருக்கின்றன. அங்கிருந்து நீல வழித்தட மெட்ரோவில் ஏறினால் நேராக சுப்ரீம் கோர்ட் நிலையம். முன்பு பிரகதி மைதான் என்று இருந்ததுதான், பெயர் மாற்றிவிட்டார்கள். பழைய பெயரைத் தேடிக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்திருக்காதீர்கள். மும்பை சென்ட்ரலில் ஆகஸ்ட் கிராந்தி ரயிலில் ஏறினால் ஹஜ்ரத் நிஜாமுதீனில் இறங்கலாம், மைதானத்துக்குப் பக்கம். காலையில் இட்லி, தோசைக்கும் மயூர் விகாரில் குறைவில்லை.

செம்பூர் செல்வி – மார்ச் 15

மைதானத்துக்குள் சாப்பாடு விலை எப்படி? இங்கே கோரேகாவ் கண்காட்சியில் ஒரு தேநீர் வாங்கிவிட்டு விலையைப் பார்த்து ஆடிப்போய்விட்டேன். அதன்பிறகு பிளாஸ்க் இல்லாமல் எந்த ஸ்டாலுக்கும் போவதில்லை.

மயூர் விகார் – மார்ச் 15

அதே கதைதான் அம்மா. புளியோதரை கட்டிக்கொண்டு போகட்டும்.

தாராவி 90 அடி – மார்ச் 27

முன்பணம் கட்டிவிட்டேன். மூலை எடுக்கவில்லை. வாடகையோடு 18 சதவீத ஜிஎஸ்டி, 18,630. இது செலவா இல்லையா?

அந்தேரி வேலு – மார்ச் 27

செலவே இல்லை. ஜிஎஸ்டி எப்போதும் உள்ளீட்டு வரவாகத் திரும்பிவிடும், நீங்கள் விற்பனைக்குக் கட்டும் வரியில் கழித்துக்கொள்ளலாம்.

மாட்டுங்கா கணக்கு – மார்ச் 28

எப்போதும் இல்லை. உங்கள் பதிவு மகாராஷ்டிரத்தில். பதிவுப் படிவத்தில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைச் சரியாகக் கொடுத்து, ரசீதில் மாநிலங்களுக்கு இடையிலான வரி, ஐஜிஎஸ்டி என்று வந்தால் வரவு எடுக்கலாம். டெல்லி மாநில வரி என்று பிரித்துப் போட்டுவிட்டால் அதை மகாராஷ்டிரப் பதிவில் எடுக்கமுடியாது. ரசீது வந்தவுடன் பாருங்கள், மாற்றச் சொல்ல அதுதான் நேரம். டெல்லி விடுதி போடும் ஜிஎஸ்டி அங்கேயே போச்சு, அதைச் செலவில் சேருங்கள். வரவு கிடைக்கும் 18,630-ஐயும் இன்று கையிலிருந்து கட்டவேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

செல்வி அம்மா சொன்ன கடைசி நாள் விற்பனை பற்றியும் ஒரு வார்த்தை. அவர் மும்பையில் பதிவு செய்து மும்பையில் விற்கிறார், சரி. நீங்கள் டெல்லி ஸ்டாலில் வைத்து விற்கத் தொடங்கினால் அங்கே தற்காலிகப் பதிவு எடுத்து, வரியை முன்கூட்டியே கட்டவேண்டிவரும். நாற்பது பர்ஸுக்காக அந்தத் தலைவலி எதற்கு? "கண்காட்சிக்கு மட்டும், விற்பனைக்கு அல்ல" என்று டெலிவரி சலான் போட்டுக் கொண்டுபோய், அதே சலானோடு திருப்பிக் கொண்டுவாருங்கள். மதிப்பு 50,000-க்குள் இருப்பதால் சரக்கு கொண்டுபோக இணையத்தில் எடுக்கும் ஈ-வே பில் தேவைப்படாது. ஆனால் சலான் இல்லாமல் பெட்டியைத் தூக்காதீர்கள்.

செம்பூர் செல்வி – மார்ச் 28

எனக்கு இது தெரியாது. அடுத்த மாதம் புனே போகிறேன், அதுவும் மகாராஷ்டிரம்தானே, பிழைத்தேன்.

தாராவி 90 அடி – ஜூன் 30

மழை தொடங்கிவிட்டது. மாதிரிகளை இப்போதே பெட்டி கட்டலாமா? பார்சல் முன்னதாகப் போட்டால் கட்டணம் குறைகிறது.

மாட்டுங்கா கணக்கு – ஜூன் 30

தோல்காரர் நீங்கள் என்னைக் கேட்கிறீர்களா?

தாராவி 90 அடி – ஜூலை 1

கேட்டது பார்சலைப் பற்றி. பதில் எனக்கே தெரிந்துவிட்டது. மும்பை மழையில் மூடிக் கட்டிய தோல் பத்து நாள் கிடந்தால் மடிப்பில் வெள்ளைப் பூஞ்சை பூக்கும். துடைத்தால் போகும், ஆனால் மெழுகுப் பூச்சில் தடம் நிற்கும். ஆகவே நாற்பது உருப்படியும் சிலிக்கா பொட்டலத்தோடு இரண்டு பெட்டியில் எங்களுடனே ரயிலில் வரும். மடக்கு அலமாரியும் தட்டியும் மட்டும் லாரியில். 9,000 என்று வைத்தது 5,500-இல் முடிகிறது.

மயூர் விகார் – ஜூலை 1

லாரிச் சரக்கை மைதானத்துக்கு நேராக அனுப்பாதீர்கள். பகலில் சரக்கு வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. உள்ளே விடும் நேரமும் ஒரு நாளோடு முடிந்துவிடும். முதல் நாளே ஏதாவது கிடங்கில் இறக்கி, சின்ன டெம்போவில் கொண்டுபோங்கள். அதற்கு 1,500 தனியாக வையுங்கள்.

தாராவி 90 அடி – ஆகஸ்ட் 4

திரும்பிவிட்டோம். விசிட்டிங் கார்டு 58. மாட்டுங்கா ஐயாவின் 75-ஐவிடக் குறைவு. நான் வேகமாகப் பேசினாலும் எதிரில் இருப்பவர் மெதுவாகக் கேட்கிறார்.

எதிர்பாராத ஒன்று: 58-இல் ஏறத்தாழ பாதி நிறுவனங்கள் அல்ல. சதர் பஜார் மொத்த வியாபாரிகளும், நிறுவனங்களுக்குப் பரிசு வாங்கிக் கொடுக்கும் இடைத்தரகர்களும். அவர்களுக்கு 480 விலையே கிடையாது, 435 என்று தொடங்குகிறார்கள். அதில் செட்டுக்கு 55 ரூபாய்தான் நிற்கும். மும்பை வியாபாரிகளை விட்டு விலக டெல்லி போய் டெல்லி வியாபாரிகளைப் பிடித்து வந்திருக்கிறேன்.

மாதிரி கேட்டவர்கள் 19. நான் ஒரு வேலை செய்தேன். சின்னத்தோடு மாதிரி வேண்டுமென்றால் 500 ரூபாய், ஆர்டரில் கழித்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். 11 பேர் கட்டினார்கள். மற்ற எட்டுப் பேர் "சொல்கிறோம்" என்றார்கள். ஆக மாதிரிச் செலவு 12,100, வந்தது 5,500.

விளக்குக்கு மட்டும் திட்டத்தைவிட அதிகம் போயிற்று. இரண்டாம் நாள் காலை எதிர் ஸ்டால்காரர் மேலும் நான்கு விளக்குப் போட்டார், எங்கள் பக்கம் இருட்டிவிட்டது. அங்கேயே வாடகைக்கு எடுத்தேன். மொத்தச் செலவு 2,41,000.

மாட்டுங்கா கணக்கு – ஆகஸ்ட் 5

500 ரூபாய் வாங்கியது நல்ல காரியம். உண்மையில் வாங்கப்போகிறவர் யார் என்று அதிலேயே தெரிந்துவிடும். பதினொரு பேரில் எத்தனை பேர் என்று அக்டோபரில் எழுதுங்கள்.

அதற்குள் வேறொன்று. ஆறு ஆர்டர் ஒரே வாரத்தில் வந்தால், 1,200 செட்டுக்கு 380 வீதம் 4,56,000 உங்கள் கையிலிருந்து தோலுக்கும் கூலிக்கும் போகவேண்டும். கண்காட்சிக்குப் போட்டது தனி. முன்பணம் 50 சதவீதம் கேளுங்கள்.

அந்தேரி வேலு – ஆகஸ்ட் 5

முன்பணம் கேட்டால் ஓடிவிடுவார்கள். சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கொடுக்காவிட்டால், கொடுக்கும்வரை வாங்கியவருக்கு வருமான வரியில் அந்தச் செலவைக் கழிக்க முடியாது. தானாக வரும்.

மாட்டுங்கா கணக்கு – ஆகஸ்ட் 5

சட்டம் சரிதான். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள், இருந்தாலும் 45-க்கு மேல் போகக்கூடாது. ஆனால் அந்த 45 சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். தோல்காரருக்கும் தையல்காரருக்கும் தீபாவளிக்கு முன் பணம் கொடுக்கவேண்டும். பில்லில் உத்யம் எண்ணை அச்சடியுங்கள், முன்பணமும் கேளுங்கள்.

தாராவி 90 அடி – அக்டோபர் 12

நான்கு ஆர்டர். குர்கான் நிறுவனம் ஒன்று 300 செட், நொய்டாவில் 150, ஒரு மருத்துவக் கருவி விற்பனையாளர் 100. மூன்றும் 480-க்கு, மூன்றும் 500 ரூபாய் கட்டிய பதினொருவரில் இருந்தே வந்தவை. நான்காவது சதர் பஜார் வியாபாரி, 500 செட், 435-க்கு. இவர் மாதிரியே கேட்கவில்லை. ஸ்டாலில் இருந்ததைக் கையில் மடித்துப் பார்த்துவிட்டுப் போனவர்.

நிறுவனங்களிடம் நின்றது 55,000. வியாபாரியிடம் 27,500. மொத்தம் 82,500. செலவில் இன்னும் 1,58,500 பாக்கி. நிறுவனங்கள் பாதி முன்பணம் கொடுத்தன, ஒருவரும் ஓடவில்லை. நொய்டாக்காரர் மட்டும் இரண்டு வாரம் இழுத்தார்.

அந்தேரி வேலு – அக்டோபர் 12

வியாபாரியை இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அவரை மும்பையிலிருந்தே போனில் பிடித்திருக்கலாம்.

மாட்டுங்கா கணக்கு – அக்டோபர் 13

எப்படிப் பிடிப்பது? தோலை மடித்துப் பார்த்து வாங்குகிற ஆளை? சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் அவர் அடுத்த ஆண்டு 420 கேட்பார், அதையும் இப்போதே எழுதிவையுங்கள். அந்த விலையில் செட்டுக்கு 40-தான். அடுத்த கண்காட்சி அவரை நம்பி ஓடாது, நிறுவனங்கள் மூன்றும் திரும்பி வரவேண்டும்.

அந்தேரி வேலு – அக்டோபர் 13

திரும்பி வருவதை இந்த ஆண்டு வாடகைக்கு எதிராக எழுதுவீர்களா, அடுத்த ஆண்டு வாடகைக்கு எதிராகவா? அடுத்த ஆண்டும் ஸ்டால் போட்டால் குழப்பமாகுமே.

மாட்டுங்கா கணக்கு – அக்டோபர் 13

நல்ல கேள்வி, முதன்முறையாகக் கேட்டிருக்கிறீர்கள். நான் இந்த ஆண்டுக்குத்தான் எழுதுவேன், ஆள் இந்த ஆண்டு ஸ்டாலில் வந்தவர் என்பதால். என் பழைய முதலாளி அடுத்த ஆண்டுக்கு எழுதுவார். கடைசிவரை இருவரும் ஒத்துப்போகவில்லை.

தாராவி 90 அடி – அக்டோபர் 14

அடுத்த ஆண்டுக்கு இப்போதே பதிவு செய்தால் வாடகையில் பத்து சதவீதம் குறைப்பார்களாம். டிசம்பர் வரை நேரம் இருக்கிறது. குர்கான்காரர் புத்தாண்டுக்கு ஏதாவது கேட்கிறாரா என்று பார்த்துவிட்டு முடிவு செய்வேன். மானிய விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

செம்பூர் செல்வி – அக்டோபர் 14

ஸ்டாலில் வைத்த நாற்பதில் பாஸ்போர்ட் உறை மிச்சம் இருந்தால் இரண்டு எடுத்துவையுங்கள் தம்பி. மகளும் மருமகனும் ஜனவரியில் சிங்கப்பூர் போகிறார்கள். மும்பைக்குள்தானே, சலான் கேட்கமாட்டேன்.